"அஞ்சாறு ஆச்சு கண்ணு": ஒரு வார்த்தை விட்டுப்போனதால் நின்ற ஒன்றே முக்கால் லட்சம்

நாங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளாவுல, ஆஸ்பத்திரி கோயமுத்தூர்ல. இந்தப் பக்கத்துல முக்கால்வாசிப் பேர் பிழைப்பு அப்படித்தான்.

2021 ஜூலையில அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தேன். ஒரு வருஷம்கூடப் பிரீமியம் தவறினதில்லை. 2025 பிப்ரவரியில பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். கல்லுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கிளெய்ம் கிடைக்கும்ங்கிற காத்திருப்பு எப்பவோ முடிஞ்சிருந்தது. அதனால கேஷ்லெஸ் கிடைச்சிடும்னு தைரியமா இருந்தேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு "மறுக்கப்பட்டது"னு வந்துச்சு. வீட்டுக்காரி நகையை அடகு வெச்சு 1,74,000 கட்டி அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். அப்புறம் எல்லாப் பில்லையும் வெச்சு கிளெய்ம் போட்டேன். அதுக்கும் ரெண்டே வரியில பதில்: "பாலிசி எடுக்கும்போது இருந்த நோயை மறைத்ததால் நிராகரிக்கிறோம்." என்ன நோய், எந்தப் பேப்பர்ல பார்த்தாங்க, ஒண்ணும் இல்லை.

அன்னைக்கு ராத்திரியே கோபத்துல மூணு பக்கம் மெயில் எழுதினேன். ஏமாத்துக்காரங்க, கோர்ட்டுக்குப் போவேன், எல்லாம் இருந்துச்சு. அதே ரெண்டு வரி திரும்பி வந்துச்சு. அந்த மெயில் வேஸ்ட்டுங்க. அதுல அவங்க பதில் சொல்லியே ஆகணும்கிற மாதிரி ஒரு கேள்விகூட இல்லை.

ரெண்டாவது கடிதத்தை என் மக இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தா. கிளெய்ம் நம்பர், பாலிசி நம்பர் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு. சாரம் இவ்வளவுதான்:

"எந்த நோயை மறைத்ததாகச் சொல்கிறீர்கள்? அது எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது? பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுத்தீர்கள்? இந்த மறுப்பு உங்கள் கிளெய்ம் ரிவ்யூ கமிட்டியின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டதா? பதில் கிடைத்ததும் மறுபரிசீலனைக்கான ஆவணங்களை அனுப்புகிறேன்."

கமிட்டி பத்தின வரி முக்கியம். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாசம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, அந்தக் கமிட்டி ஒப்புதல் இல்லாம கிளெய்மை மறுக்கக் கூடாது. மறுத்தா எந்தப் பிரிவுன்னும் சொல்லணும்.

இந்தத் தடவை பதில் வந்துச்சு. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல "சுகர், 5-6 வருஷம்"னு இருக்குதாம். அப்படின்னா 2021-க்கு முன்னாடியே சுகர், அதை மறைச்சுட்டோம்னு கணக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அட்மிஷன் அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். மலையாளப் பொண்ணு ஒண்ணு, பாவம் அவசரத்துல, "சுகர் எத்ர காலமாயி அம்மே?"ன்னு கேட்டுச்சு. அம்மா "அஞ்சாறு ஆச்சு கண்ணு"ன்னாங்க. மாசம்கிற வார்த்தையை அம்மா சொல்லலை, அந்தப் பொண்ணும் கேட்கலை. நானும் வாயைத் திறக்கலை.

அம்மாவுக்குச் சுகர்னு தெரிஞ்சதே 2024 ஆகஸ்ட்ல, எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல. அந்த ஓ.பி. சீட்டும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் இருந்துச்சு. ஆனா "அப்பத்தான் வந்துச்சு"ன்னு அது மட்டும் நிரூபிக்காது, அப்பத்தான் பார்த்தாங்கன்னுதான் காட்டும். பழைய பையைக் கொட்டித் தேடினேன். 2022-ல இலவசக் கண் முகாம்ல கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் கிடைச்சுது. வெறும் வயித்துல சுகர் 92, அதாவது நார்மல். மாத்திரை எதுவும் எடுக்கலைன்னு அதே தாள்ல எழுதியிருந்தாங்க.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள தரணும்கிறது டாக்டர்களுக்கான விதி. அங்க ஒருத்தர் "வருஷத்தை அடிச்சு மாசம்னு போட்டுத் தரட்டுங்களா?"ன்னு கேட்டார். அதை மட்டும் ஒத்துக்காதீங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட ஏற்கெனவே பழைய நகல் இருக்குது; திருத்தின தாள் போனா மோசடின்னு ஆகிடும். ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட லெட்டர்ஹெட்ல தனிக் கடிதம் வாங்கினேன்: நோயாளி சொன்னதைப் பதிவு செஞ்சதுல தவறு, சுகர் கண்டுபிடிச்சது 2024 ஆகஸ்ட், இந்தப் பித்தப்பைக் கல் சுகரால வந்ததில்லை. தேதி, சீல், பதிவு எண்ணோட.

இந்தத் தாள் எல்லாத்தையும் இணைச்சு மறுபரிசீலனை மனு போட்டேன். ஒரு மாசத்துல தீர்க்கலைன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன்கிட்ட போவேன்னு கடைசி வரியில எழுதினேன். நம்ம விலாசம் கேரளாங்கிறதால கொச்சி அலுவலகத்துக்கே போகலாம், ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுல இருக்கிறது தடையில்லை. செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனா மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

பாலிசி தொடர்ந்து 60 மாசம் ஓடியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய மறைச்சதா சொல்லி மறுக்கவே முடியாது. எனக்கு 43 மாசம்தான் ஆகியிருந்தது, அதனால இவ்வளவு அலைச்சல்.

இருபத்தி மூணாவது நாள் பணம் வந்துச்சு. கையுறை, பஞ்சுன்னு 6,300 பிடிச்சுக்கிட்டாங்க. அடகு வட்டி என் கணக்கு.

போன மாசம் அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். "எத்தனை நாளா சுகர்?"னு கேட்டாங்க. அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள "2024 ஆகஸ்ட்ல இருந்துங்க"ன்னு சொல்லி, எழுதினதை எட்டிப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன்.