பேட்டரிமீது விழுந்த பழி: ஆறு ஆண்டு இன்வெர்ட்டர் அனுபவம்

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள எங்கள் வீட்டில், 2019 மே மாதம் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்றையும் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்றையும் பொருத்தினோம். மூன்று மின்விசிறிகள், நான்கு எல்.இ.டி. விளக்குகள், இணைய ரவுட்டர் ஆகியவை மட்டுமே அதன் பொறுப்பு. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 275 வாட். புதிதாக இருந்தபோது, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அறிவிக்கப்படும் பராமரிப்பு மின்தடை நாட்களில், மூன்று விசிறிகளையும் ஓட விட்டால் நான்கு மணி நேரம் தாங்கியது. இந்த நான்கு மணி நேரத்தைப் பின்னர் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

முதல் நான்கு ஆண்டுகளில் இன்வெர்ட்டர் கத்தியது ஓவர்லோடுக்காக மட்டுமே. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர், இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்த பிளக் பாயின்ட் என்று தெரியாமல், மின்தடையின்போது 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகிவிட்டார். சுவிட்சைப் போட்ட கணமே பீப் ஒலி எழுந்து, ஓவர்லோடு விளக்கு எரிந்து, வீடு முழுவதும் இருண்டது. சில நொடிகளில் தானே மீண்டும் உயிர்பெற்று, அயர்ன் பாக்ஸ் அப்படியே சொருகியிருந்ததால் மறுபடியும் அணைந்தது. இவ்வாறு சில முறை முயன்றபின் எங்கள் கருவி முற்றிலும் பூட்டிக்கொள்ளும். சுமையை நீக்கிவிட்டு, முன்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வேலை செய்யும். 900 என்ற எண்ணைப் பார்த்து 900 வாட் தாங்கும் என்று நினைக்கலாகாது, ஏறக்குறைய 0.8 ஆல் பெருக்கிக் கிடைக்கும் 720 வாட்தான் நம்பத்தக்க எல்லை. ஓவர்லோடில் குழப்பத்திற்கு அதிக இடமில்லை. எதையோ போட்டவுடன் நிகழும், அதை எடுத்தவுடன் தீரும்.

உண்மையான குழப்பம் 2023 ஜூன் மாதத்தில் தொடங்கியது. மின்சாரம் போய் இருபது நிமிடம் ஆவதற்குள் ‘லோ பேட்டரி’ விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கி, விட்டுவிட்டுப் பீப் ஒலி வந்தது. மின்சாரம் திரும்பியபின் அரை மணி நேரத்திற்குள்ளாகவே ‘சார்ஜ் நிறைந்தது’ என்று பச்சை விளக்கு எரிந்தது. வாங்கிய கடையிலிருந்து வந்தவர், விளக்குகளைப் பார்த்துவிட்டு, பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சல்பேட் படிந்து கொள்ளளவு இழந்த பேட்டரி சீக்கிரம் நிறைந்ததாகக் காட்டும், சீக்கிரம் காலியாகவும் செய்யும். நானும் பணத்தை ஒதுக்கி வைக்கத் தொடங்கினேன்.

ஆனால் ஒரு விவரம் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று விசிறிகளும் ஓடும்போது கத்தும் பீப், ஒன்றை அணைத்தவுடன் நின்றுவிடும். மீண்டும் போட்டவுடன் உடனே திரும்பும். எரிந்ததோ ஓவர்லோடு விளக்கு அல்ல, லோ பேட்டரி விளக்கு. நடத்தை ஓவர்லோடைப் போலவும் விளக்கு வேறாகவும் இருந்ததை, தொலைபேசி நிலையத்தில் பேட்டரி அறையைப் பராமரித்து ஓய்வுபெற்ற மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மல்டிமீட்டரோடு இறங்கி வந்து, “ஏம்மா, பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இன்வெர்ட்டருக்குப் பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தன்னிடம் வந்து சேரும் வோல்ட்டேஜை மட்டுமே அது பார்க்கிறது. அந்த வோல்ட்டேஜ் 11 வோல்ட்டை நெருங்கும்போது எங்கள் கருவி எச்சரிக்கிறது; 10.5 அளவில் அணைந்துவிடுகிறது. பேட்டரியின் ஈயத் தண்டுக்கும் கேபிள் முனையில் உள்ள லக்குக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்றால், மின்னோட்டம் அங்கே தடைபட்டு வோல்ட்டேஜின் ஒரு பகுதி வழியிலேயே தொலைந்துவிடும். எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறதோ அவ்வளவு தொலையும். ஒரு விசிறியை அணைத்தால் பீப் நிற்பதற்குக் காரணம் அதுவே. சார்ஜ் ஏறும்போது மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடுவதால் இதே தடை வோல்ட்டேஜை உயர்த்திக் காட்டும்; பேட்டரியில் 13.8 இருக்கும்போதே இன்வெர்ட்டர் 14.2 என்று எண்ணி, நிறைந்துவிட்டதாக முடிவு செய்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஆகவே, ஒரே பழுது பச்சை விளக்கையும் பொய் சொல்ல வைக்கிறது, சிவப்பு விளக்கையும் பொய் சொல்ல வைக்கிறது.

பேட்டரி செத்ததா, தொடர்பு கெட்டதா என்பதை விளக்குகளைக் கொண்டு பிரிக்க முடியாது, மீட்டரால் பிரிக்கலாம். மெயின் சப்ளையை அணைத்து, மூன்று விசிறிகளும் ஓடி, பீப் கத்திக்கொண்டிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். சுமை இல்லாதபோது அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, முனைகளை கேபிள் லக்கில் படாமல் பேட்டரியின் ஈயத் தண்டுகளின் தலையிலேயே வைத்தார்: 11.9 வோல்ட். இன்வெர்ட்டருக்குள் நுழையும் இடத்தில் வைத்தார்: 10.8. இடையில் 1.1 வோல்ட் காணாமல் போயிருந்தது. அடுத்து, ஒரு முனையைத் தண்டின்மீதும் மறுமுனையை அதே தண்டில் மாட்டியிருந்த லக்கின்மீதும் வைத்தார். நல்ல இணைப்பில் இது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நெகட்டிவ் பக்கம் அப்படியே இருந்தது. பாசிட்டிவ் பக்கம் 1.0 வோல்ட்.

275 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து சுமார் 28 ஆம்பியர் போகிறது. 1 வோல்ட்டை 28 ஆம்பியரால் பெருக்கினால் 28 வாட்; அதாவது, ஒரு சிறிய சால்டரிங் அயன் அளவு வெப்பம் அந்த ஒரு நட்டின் அடியில் உண்டாகிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், லக்கை ஒட்டி நீலப்பச்சையாகப் பூத்திருந்த தூளும், அதை அடுத்து இரண்டு அங்குல நீளத்திற்குக் கேபிளின் சிவப்பு உறை பழுப்பேறி விறைத்துப் போயிருந்ததும் என் கண்ணில் பட்டன. நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் தண்ணீர் மிதவையைப் பார்த்த நான், அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்த இதைப் பார்க்கவில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும், பேட்டரியிலிருந்து கசியும் அமிலப் புகையும் சேரும் எங்கள் பகுதியில், இது இன்னும் விரைவாக நடக்கும் என்றார் அவர்.

சரிசெய்ததை வரிசையாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். முதலில் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் உருவினோம். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால் பொறி எழக்கூடாது என்று, ஜன்னலைத் திறந்து வைத்து, சிறிது நேரம் காத்திருந்தோம். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றினார். ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, ஏனெனில் இரண்டு தண்டுகளையும் ஒரே இரும்பு தொட்டால் பெரும் விபத்து. வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது அந்தத் தூள் நுரைத்துக் கரைந்தது. சோடா நீர் உள்ளே இறங்கினால் அமிலம் கெட்டுவிடும் என்பதால், மூடிகள் அனைத்தும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொண்டோம். தண்டை உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்தோம். கேபிளின் உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்திருந்ததால், கெட்ட நீளத்தை வெட்டிவிட்டு, புதிய லக் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கிரிம்ப் செய்து வாங்கினோம். புதிய போல்ட் நட்டும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இறுக்கியபின்தான் வாசலின் பூசினோம். முதலில் பூசினால் இணைப்புக்கு நடுவிலேயே அது தங்கிவிடும். பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டினோம்.

அன்று பச்சை விளக்கு எரிய ஒன்பது மணி நேரம் ஆனது. மறுநாள் அதே சுமையில் தண்டுக்கும் லக்குக்கும் இடையே 0.02 வோல்ட்தான் இருந்தது. வீடு மூன்றேகால் மணி நேரம் ஓடியது. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் தெருவில் மின்சாரம் போனபோது, இந்தப் ‘ஆயுள் முடிந்த’ பேட்டரியைக் கொண்டே, ஒரு விசிறியும் ஒரு விளக்கும் மட்டும் போட்டு, இரவைக் கடந்தோம். பீப் தொடங்கியதும், தானே அணையும்வரை இழுக்காமல், முன்பக்க சுவிட்சை நானே அணைத்துவிட்டேன்; காலியான நிலையில் நாள்கணக்கில் கிடப்பதுதான் ஈய அமில பேட்டரியை உண்மையிலேயே கெடுப்பது.

சார்ஜ் ஏறாத பழுதை ஒரே முறை, 2024 மே மாதத்தில் சந்தித்தேன். தெருவிளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிறது, எங்கள் இன்வெர்ட்டரோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் உள்ள ஃபியூஸ் அல்லது டிரிப் பொத்தான் விழுந்திருந்தாலும், சுவர் சாக்கெட்டில் பிளக் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். எனக்கு அவை சரியாக இருந்தன. சாக்கெட்டில் அளந்தபோது 172 வோல்ட். ஏ.சி. எல்லாம் ஓடும் கோடை இரவில் எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் இறங்குகிறது, யு.பி.எஸ். நிலையில் இருந்த இன்வெர்ட்டர், 180க்குக் கீழ் வந்தால் மின்சாரமே இல்லை என்று கொள்கிறது. பின்பக்க சுவிட்சைச் சாதாரண நிலைக்கு மாற்றியதும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. அந்த நிலையில் மாறும் நேரம் சற்று அதிகம் என்பதால் மேசைக் கணினி அணைந்து எழும். அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

பேட்டரி உண்மையிலேயே முடிந்தது 2025 பிப்ரவரியில். விளக்குகள் காட்டியது 2023இல் காட்டிய அதே காட்சி: சீக்கிரம் பச்சை, சீக்கிரம் சிவப்பு. இம்முறை மீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். லக்குக்கும் தண்டுக்கும் இடையே எதுவும் இல்லை. ஆனால் தண்டுகளின் தலையிலேயே அரை மணி நேரத்தில் 10.6க்கு இறங்கிவிட்டது. முழு இரவு சார்ஜ் ஏற்றி ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தபோது, ஐந்து செல்கள் 1.230 அருகிலும், பாசிட்டிவிலிருந்து இரண்டாவது செல் மட்டும் 1.150இலும் நின்றன. ஒரு செல் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் தாழ்ந்து, சார்ஜிலும் ஏறாவிட்டால் அது தேறாது. மாடி வீட்டுக்காரரிடம் எண்களைக் காட்டினேன். படித்துவிட்டு, “இப்ப மாத்துங்கம்மா” என்றார். பழையதை எடைக்குக் கொடுத்து, அதே அளவில் புதியது வாங்கினோம். அது ஓடத் தொடங்கிய முதல் நாளே, மூன்று விசிறிச் சுமையில் தண்டில் எவ்வளவு, இன்வெர்ட்டரில் எவ்வளவு என்று அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி, பேட்டரி பெட்டியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.