நிழல் பாடத்துக்கு எந்த டார்ச், எந்தக் கேள்வி?

தாராவியின் சந்துகளுக்குள் டியூஷன் எடுப்பவர்களுக்கு இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. டியூப்லைட்டை அணைத்துக் கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் நிழல் பாடம் நடத்தலாம். யோசிக்க வேண்டியது எந்த வெளிச்சம் என்பதைத்தான். கையில் கிடைப்பவை மூன்று: செல்போன் டார்ச், ஒன்பது எல்இடி உள்ள சின்ன டார்ச், பளபளப்பான கிண்ணத்துக்குள் ஒற்றை பல்பு உட்கார்ந்திருக்கும் பெரிய டார்ச்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 6 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலத்தில் பூனை ஒன்றை வெட்டி, ஈர்க்குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். வால் 1 செ.மீ. அகலம் இருக்கட்டும். நோட்டுத் தாள் வேண்டாம். ஒளி கொஞ்சம் ஊடுருவி, நிழல் சாம்பலாக விழும். டார்ச்சுக்கும் சுவருக்கும் 90 செ.மீ., டார்ச்சிலிருந்து பூனைக்கு 30 செ.மீ. ஒளி ஒரு புள்ளியிலிருந்து வந்தால் நிழல் மூன்று மடங்காகி, 18 செ.மீ. பூனையும் 3 செ.மீ. வாலும் சுவரில் தெரிய வேண்டும்.

செல்போனில் அப்படியே தெரியும். ஒளிரும் இடம் மிகச் சிறியது என்பதால் விளிம்பும் கூர்மை. சில போன்களில் இரண்டு எல்இடி எரியும். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் ஒன்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம்.

ஒன்பது எல்இடி டார்ச்சில் வால் காணாமல் போகும். எல்இடிகள் 2.5 செ.மீ. அகலத்துக்குப் பரவியிருந்தால், அவை தரும் ஒன்பது நிழல்களும் சுவரில் 5 செ.மீ. வரை விலகி விழும். வாலின் நிழலே 3 செ.மீ.தான். ஒன்பதும் ஒன்றாகப் படும் இடம் வாலுக்குக் கிடையாது. உடம்புக்கு மட்டும் நடுவில் கருமை மிஞ்சும். பூனையைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் சரியாகும், ஆனால் நிழல் பெரிதாவதைக் காட்ட முடியாது.

பெரிய டார்ச்சுதான் இந்த வேலைக்கு மோசம். கிண்ணம் ஒளியைக் கிட்டத்தட்ட இணையாக அனுப்புவதால், பூனையை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் நடுவட்டத்தில் நிழல் கணக்குப்படி பெரிதாகாது. வாயைக் கறுப்புத் தாளால் மூடிச் சின்ன ஓட்டை போட்டால் வெளிச்ச வட்டம் சுருங்கிப் பூனை முழுசாக அதில் அடங்காது.

அதனால் முதல் பாடத்துக்கு செல்போன். புத்தக அடுக்கில் சாய்த்து, எல்இடியைப் பூனையின் உயரத்துக்குக் கொண்டுவந்து, தூரத்தை எல்இடியிலிருந்தே அளக்க வேண்டும். பூனை 30 செ.மீ.யில் 18, 45-இல் 12, 60-இல் 9 என்று நிழல் வரும். அகலம் குறைந்தால் அட்டை திரும்பியிருக்கிறது, நேராக்குங்கள்.

கேள்விகளிலும் இதே தேர்வு உண்டு. “நிழல் எப்படி உண்டாகிறது?” என்றால் “ஒளிபுகாப் பொருள் ஒளியைத் தடுப்பதால்” என்று பாடப்புத்தக வரி திரும்பி வரும். பிள்ளை என்ன நினைக்கிறது என்று தெரியாது. பூனைக்குக் கண், மீசை வரைந்து சிவப்புச் சாயம் பூசி, “சுவர்ல என்ன தெரியும்? வரைஞ்சு காட்டு” என்று கேளுங்கள், டார்ச்சைப் போடும் முன்பே. கண்ணோடு சிவப்புப் பூனை வரைந்தால், நிழலைக் கண்ணாடியில் தெரியும் உருவம்போல நினைக்கிறது என்று பொருள்.

“டார்ச்சை அணைச்சா நிழல் எங்க போகும்?” என்பதும் நல்ல கேள்விதான். “அங்கதான் இருக்கு டீச்சர், இருட்டுல தெரியல” என்றால், பிள்ளைக்கு நிழல் ஒரு பொருள்.

இவற்றைவிட ஆழமாகத் தோண்டுவது இன்னொன்று. 30 செ.மீ.யில் பூனை நிற்க, 60-இல் ஒரு தாளை நீட்டினால் தாளில் என்ன தெரியும்? “ஒண்ணும் தெரியாது, நிழல் சுவர்லதானே இருக்கு” என்பார்கள் பலர். தாளை நீட்டினால் 12 செ.மீ. பூனை அதில் விழும். முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். பூனையிலிருந்து சுவர்வரை நடுவெளி முழுக்க ஒளி வராத இடம் என்பது அவர்கள் கையாலேயே தெரியவரும். இதற்குக் கூர்மையான நிழல் வேண்டும், செல்போன் இல்லாமல் நடக்காது.

அடுத்து, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு செல்போன். “ஒரே நிழல், இன்னும் கறுப்பா” என்பது வழக்கமான ஊகம். 20 செ.மீ. விலகி இரண்டு நிழல் விழும். ஒன்றின் நிழலில் மற்றதன் வெளிச்சம் படுவதால் இரண்டுமே முன்பைவிட வெளிறியிருக்கும்.

ஒதுக்கி வைத்த ஒன்பது எல்இடி டார்ச்சுக்கு இப்போது வேலை வருகிறது. பூனைக்குப் பதில் வெறும் ஈர்க்குச்சியை நிமிர்த்திப் பிடித்து, எத்தனை கோடு விழும் என்று கேளுங்கள். ஒன்பது என்பார்கள்; எண்ணினால் பெரும்பாலும் குறையும். ஒன்றுக்கு நேர்மேலே இன்னொன்றாக உள்ள எல்இடிகளின் கோடுகள் ஒரே இடத்தில் படிந்துவிடுகின்றன. டார்ச்சைச் சற்றே சுழற்றினால் அவை பிரிந்து எண்ணிக்கை ஏறும். ஏன் என்று கேட்டுவிட்டு, எல்இடிகளை ஒவ்வொன்றாக டேப்பால் மூடிப் பார்க்க விடுங்கள்.