எல்லா க்விஸும் சேர்த்தா, மார்க் குறைந்த இரண்டை விட்டுவிட்டா?

எட்டு க்விஸ், ஒவ்வொன்றும் 10 மார்க், இறுதி மதிப்பெண்ணில் இதன் பங்கு 20. வேளச்சேரியில் தண்ணீர் தேங்கியதால் ஒரு மாணவி ஒரு க்விஸுக்கு வரவில்லை, அதற்கு 0; அவள் மார்க் 8, 9, 7, 0, 9, 8, 3, 8. இன்னொருவன் 7, 7, 6, 7, 7, 6, 7, 7.

எல்லாவற்றையும் சேர்த்தால் அவள் சராசரி 6.5, அவன் 6.75. அவன்தான் முன்னால். குறைந்த இரண்டை விட்டால் அவள் 8.17, அவன் 7. இறுதி மதிப்பெண்ணில் அவளுக்கு 13 என்பது 16.3 ஆகிறது, அவனுக்கு 13.5 என்பது 14தான், ஏனென்றால் நிதானமாக எழுதுபவனிடம் விடுவதற்கு மோசமான மார்க்கே இல்லை.

ஷீட்டில் இப்படிப் போடலாம்:

```
=(SUM(B2:I2)-SMALL(B2:I2,1)-SMALL(B2:I2,2))/(COUNT(B2:I2)-2)
```

வராதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். SMALL காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது, 3-ஐயும் 7-ஐயும் தூக்கிவிடும், அவள் சராசரி 8.4 என்று வரும், அதாவது மூன்றை விட்ட கணக்கு.

என்னைக் கேட்டால் ஒன்றை மட்டும் விடுவேன். அப்போது அவள் 7.43, அவன் 6.86, மழை நாள் கழிந்துவிடும், அந்த 3 மட்டும் கணக்கில் நிற்கும்.