ஏர் கூலர் வாங்கப் போகிறீர்களா? கதவைச் சாத்தச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. மதியம் ஒரு மணிக்கு மேல் அவர் அறையில் சுவர் தொட்டால் சுடும். ஏர்கோன் போட்டுத் தரலாம் என்றால் மின்கட்டணத்தை நினைத்து அவரே வேண்டாம் என்கிறார். அப்படி இருந்தபோதுதான் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் போட்டிருந்த விற்பனைக் கடையில் அந்தப் பெரிய கூலரைப் பார்த்தேன். நாற்பது லிட்டர் தொட்டி, மூன்று பக்கமும் தேன்கூடு மாதிரி பழுப்பு அட்டை, இடுப்பு உயரம். விலை 459 வெள்ளி.

விற்ற தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, இது பாலைவனத்துல ஓடுற கூலர். அந்த வெயிலுக்கே தாங்குதுன்னா நம்ம ஊர் வெயில் எம்மாத்திரம்? கதவு ஜன்னலைச் சாத்திட்டு, தொட்டியில கொஞ்சம் ஐஸ் போடுங்க. ஏர்கோன் மாதிரியே இருக்கும்." கடை இருந்த இடமே ஏர்கோன் தளம். அங்கே அதன் முன் நின்றால் ஜில்லென்று இருக்கத்தான் செய்யும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வீட்டில் முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. அம்மா சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கழுத்தெல்லாம் வியர்வை, நைட்டி முதுகோடு ஒட்டியிருக்கிறது, தலையணை உறை நமுத்துப்போய்க் கிடக்கிறது. தரை மொசைக்கில் கால் வைத்தால் வழுக்கியது. "காத்து வருது, ஆனா மூச்சு முட்டுதும்மா" என்றார். மேசை மேல் டப்பாவில் சரியாக மூடாமல் இருந்த முறுக்கு சாயங்காலத்துக்குள் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் அலமாரிக்குள் இருந்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூசணம்.

கடைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "ஜன்னல் லேசாத் திறந்திருக்கும், நல்லா மூடுங்க, ஐஸை அதிகமாக்குங்க" என்று பதில் வந்தது. மூடினேன். இன்னும் மோசமானது. திருப்பித் தருகிறேன் என்றதும், தண்ணீர் ஊற்றிய பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் என் மாமா. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு மூடிய கோழிப்பண்ணையில் பல வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவர். அந்தக் கொட்டகைகளைக் குளிர்விப்பதும் இதே ஈர அட்டைதான். ஒரு கோடியில் சுவர் முழுக்க அட்டை, மறுகோடியில் ஆளுயர உறிஞ்சு விசிறிகள். அட்டை வழியாக நுழைந்த காற்று கொட்டகை நீளத்துக்கும் ஓடி ஒரு நிமிடத்துக்குள் வெளியே போய்விடும். உள்ளே தங்கவே தங்காது. "ஏம்மா, அந்த விசிறியை நிறுத்திட்டு அட்டையில மட்டும் தண்ணி விட்டா, பத்தாயிரம் கோழியும் செத்துப்போகும். அதைத்தான் உன்னை வீட்ல செய்யச் சொல்லியிருக்கான்" என்றார்.

கூலர் குளிரைத் தயாரிப்பதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எடுத்த சூட்டுக்கு ஈடாக அந்த ஈரம் காற்றிலேயே ஏறிவிடுகிறது. ஏர்கோன் சூட்டை வெளியே தள்ளி, ஈரத்தையும் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியாக வடித்துவிடும். கூலரிடம் அந்தக் குழாய் கிடையாது. அதற்கான குழாய் திறந்த ஜன்னல்தான்.

அம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பதடி உயரம், ஏறக்குறைய முப்பது கன மீட்டர் காற்று. நம் ஊர் மதியத்தில் அந்தக் காற்றில் ஏற்கெனவே அறுநூறு கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. கூலர் அதை 29 டிகிரிக்குக் குளிர்வித்தால், அந்த வெப்பத்தில் அந்தக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடியதே 860 கிராம் போலத்தான். அதாவது இன்னும் ஒரு கிளாஸ் தண்ணீருக்குத்தான் இடம் இருக்கிறது. இந்த அளவுக் கூலர் மணிக்கு இரண்டு லிட்டர்கூட ஆவியாக்கும். கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கிளாஸ் நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் அட்டையில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, உடம்பு வியர்வையும் ஆவியாகாது. அம்மாவின் முதல் பத்து நிமிடச் சிரிப்பும், அப்புறம் வந்த பிசுபிசுப்பும் இதனால்தான்.

பாலைவனத்தில் வேலை செய்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் அது இங்கே வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. மாமா ஒரு சோதனை காட்டினார், நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் வயர் வைத்த தெர்மாமீட்டரை எடுத்து, அதன் முனையில் பஞ்சைச் சுற்றி நனைத்து, விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மதியம் வெறும் முனை 33 டிகிரி, நனைத்த முனை 27க்குச் சற்றுக் கீழே. ஈரப்பதம் அப்போது 60 சதவீதம். அந்த நனைத்த முனையின் எண்ணுக்குக் கீழே எந்த ஈர அட்டையும் காற்றைக் குளிர்விக்க முடியாது. வீட்டுக் கூலர்கள் அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டாலே நல்ல கூலர். ஆறு டிகிரியில் நாலு, ஆக வெளியே வரும் காற்று 29. அதன் ஈரப்பதமோ எண்பதைத் தாண்டிவிடும். 42 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட ஊரில் நனைத்த முனை 24 காட்டும். பதினெட்டு டிகிரி இடைவெளி, அதில் பன்னிரண்டு இறங்கினால் 30. அங்கே அது பெரிய நிம்மதி, தோலும் உலர்ந்தே இருக்கும். அதே பெட்டிதான், ஊர்க் காற்றுதான் வேறு.

ஐஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதில் ஏமாறுகிறார்கள். இரண்டு கிலோ ஐஸ் முழுதாக உருகினால் எடுத்துக்கொள்ளும் சூடு, ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏறக்குறைய நாலு நிமிடத்தில் எடுக்கும் சூடு. அந்த ஐஸை உறைய வைக்க நம் குளிர்பெட்டி அதைவிட அதிகச் சூட்டை அதே வீட்டுக்குள் கொட்டியிருக்கும்.

சரி, வாங்கியாகிவிட்டது, தூக்கிப் போட மனமில்லை. மாமா வந்து இடத்தை மாற்றினார். கூலர் அறையின் மூலையில் அம்மாவைப் பார்த்து நின்றது. அதைத் தூக்கி லூவர் ஜன்னலுக்கு முன்னால், பின்பக்க அட்டை வெளியைப் பார்க்கும்படி ஒரு சாண் இடைவெளியில் வைத்தார். ஜன்னலின் மற்ற இடத்தையும் கூலரைச் சுற்றியுள்ள இடைவெளியையும் தடித்த பிளாஸ்டிக் போர்டால் மறைத்தார், இல்லையென்றால் அறைக்குள் சுற்றும் ஈரக் காற்றையே கூலர் மறுபடி இழுக்கும். அப்புறம் காற்று வெளியேற வழி. அறைக் கதவை அகலத் திறந்து, எதிர்ப்பக்கம் சமையலறை ஜன்னலையும் திறந்து, அங்கே இருந்த உறிஞ்சு விசிறியைப் போட்டோம். கட்டில் இந்த ஓட்டத்தின் நடுவில் வருகிறது. வெளியேறும் வழி போதுமா என்று பார்க்க, கதவிடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்தார். சமையலறை ஜன்னலை மூடி விசிறியையும் நிறுத்தினால் தாள் அசையவில்லை. ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டதும் வெளிப்பக்கமாகப் பறந்தது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும்.

அளந்தும் பார்த்தோம். முன்பு கதவைச் சாத்தி ஓட்டியபோது ஒரு மணி நேரத்தில் கட்டிலருகே 31 டிகிரி, ஈரப்பதம் 89. இப்போது அதே நேரத்தில், வெளியே 33 இருக்க, கட்டிலருகே அதே 31தான். ஆனால் ஈரப்பதம் 75. தெர்மாமீட்டர் காட்டும் எண் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அம்மாவுக்கு வியர்வை உலர்ந்தது, தூங்கினார். மாறியது ஈரமும் காற்றோட்டமும் மட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. நாலு மணிக்கு இடி மழை வந்தால் வெளியே ஈரப்பதம் 90ஐத் தொடும். அப்போது அட்டைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுகிறோம். இரவிலும் காலையிலும் அப்படித்தான். கோழிப்பண்ணையிலும் எண்பதைத் தாண்டினால் அட்டைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்களாம். நாங்கள் வெளிக்காற்றின் ஈரப்பதம் எழுபது என்பதையே கோடாக வைத்திருக்கிறோம், சின்ன ஈரப்பதமானி ஒன்றை ஜன்னலுக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கிறேன். புகைமூட்டம் வரும் நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது, அதனால் பம்பும் கிடையாது. ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறை வாடகைக்கு இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம், நல்ல விசிறி போதும். ஓட்டாத நாட்களில் தொட்டியை வடித்துத் துடைத்து வையுங்கள். நாற்பது லிட்டர் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, ஐம்பதாயிரம் வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். கடையில் வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. "நல்லா மூடுங்க" என்ற அந்த வாட்ஸ்அப் பதிலும், பொருளோடு வந்த கையேடும்தான் இருந்தன. கையேட்டின் நாலாம் பக்கத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். விசாரணைத் தேதிக்கு முன்பே கடைக்காரர் கூப்பிட்டு 300 வெள்ளி திருப்பித் தந்தார், கூலரை நானே வைத்துக்கொண்டேன். வாங்கும் முன்பே கையேட்டைக் கேட்டுப் பிரித்துப் படித்திருந்தால் அந்த மூன்று வாரம் அம்மா அப்படித் தவித்திருக்க மாட்டார்.