ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயரில் போன என் பி.எஃப். பணம்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏழு வருஷம் கணக்கு எழுதினேன். கம்பெனி பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் மாதவரம், எண்ணூர், திருவொற்றியூர் குடோன்களில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அவரவர் பே ஸ்லிப்பை ஒரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் கடைசி மூன்று வருஷச் சம்பளம் 18,000. அதை இப்படிப் பிரித்திருந்தார்கள்: பேஸிக் 5,000, வீட்டு வாடகைப்படி 4,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000, கன்வேயன்ஸ் 2,000, வாஷிங் 1,000. டி.ஏ. என்று ஒரு வரியே கிடையாது. சேரும்போதே ஹெச்.ஆர். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேஸிக் கம்மியா வெச்சா பிடித்தம் கம்மி. கையில கூட வரும்ல, நல்லதுதானே?" எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. மாதம் 600 ரூபாய்தான் பிடித்தார்கள்.

அவர் சொல்லாமல் விட்டது இது. பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், அதே அளவு கம்பெனியும் தன் பங்காகப் போட வேண்டும். வீட்டு வாடகைப்படியைச் சட்டமே வெளியே வைக்கிறது, சரி. மீதி 14,000-க்குப் போட்டிருந்தால் என் பங்கு 1,680, கம்பெனி பங்கு 1,680. பிரித்து எழுதியதால் இரண்டு பக்கமும் 600-தான் போனது. என் பக்கம் மிச்சமான 1,080 என் கைக்கு வந்தது, உண்மை. கம்பெனி பக்கம் மிச்சமான 1,080 கம்பெனியிடமே நின்றுவிட்டது. 36 மாதத்துக்கு 38,880 ரூபாய். அது என் சம்பளத்தின் மேல் எனக்கு வர வேண்டிய பணம்.

அதோடு நிற்கவில்லை. கம்பெனி பங்கிலிருந்துதான் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. பென்ஷன் கணக்கு சுலபம்: பிடித்தத்துக்கு எடுத்துக்கொண்ட சம்பளத்தின் கடைசி 60 மாதச் சராசரியை வேலை செய்த வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 14 வருஷம் வேலை செய்தவருக்கு 5,000 என்றால் மாதம் 1,000, 14,000 என்றால் 2,800.

எங்கள் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருத்தர் 2022-இல் நெஞ்சு வலியில் போய்விட்டார். அவருக்கும் இதே 5,000 பேஸிக். பி.எஃப்.போடு ஒட்டிய இன்ஷூரன்ஸில் சராசரிச் சம்பளத்தைப் போல் 35 மடங்கு, அதோடு கணக்கில் இருந்த தொகையில் பாதி என்று கொடுப்பார்கள். 5,000-க்கு 35 மடங்கு 1,75,000. இருப்பில் பாதியைச் சேர்த்தும் 2.5 லட்சத்தை எட்டவில்லை, குறைந்தபட்சத் தொகை அதுதான் என்பதால் அதைக் கொடுத்தார்கள். 14,000-ஆக இருந்தால் அந்த 35 மடங்கு மட்டுமே 4,90,000. அவர் மனைவிக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவன் நான்தான். காட்டாமலே இருந்திருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது.

நான் 2023-இல் வேலையை விட்டபோது கிராஜுவிட்டி 20,192 வந்தது. 5,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஏழு வருஷம். சண்டைக்குப் போனேன். தொழிற்சங்கத்து அண்ணன் ஒருத்தர் உட்கார வைத்துப் பேசினார்: "கிராஜுவிட்டிய விடு தம்பி, கிராஜுவிட்டி சட்டத்துல மத்த அலவன்ஸ் எதுவும் சேராதுன்னு எழுதியே இருக்கு. பி.எஃப்.ல அப்படி இல்ல. அங்க போ."

அவர் சொன்னதற்கு அடிப்படை உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28-இல் கொடுத்த விவேகானந்தா வித்யாமந்திர் தீர்ப்பு. அலவன்ஸுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அதில் பார்க்கவில்லை. ஒரு பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் வழக்கமாக, ஒரே மாதிரி கொடுத்தால் அது அடிப்படைச் சம்பளம்தான். இல்லை, வேலையைப் பொறுத்துக் கூடும் குறையும், அல்லது கூடுதல் உற்பத்திக்கான ஊக்கத்தொகை, அல்லது சிலருக்கு மட்டும் தருகிறோம் என்றால் அதைக் கம்பெனி ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு என் பழைய ஸ்லிப்புகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தில் பேஸிக் எந்த விகிதத்தில் வெட்டப்பட்டதோ அதே விகிதத்தில் ஸ்பெஷல் அலவன்ஸும் வெட்டப்பட்டிருந்தது. சம்பளத்தோடு கூடிய விடுப்பில் முழுசாக வந்திருந்தது. 2020 ஏப்ரல் ஸ்லிப் இன்னும் அழகு. ஊரடங்கில் தண்டையார்பேட்டை வீட்டை விட்டு நான் வெளியே வரவே இல்லை, கன்வேயன்ஸ் 2,000-மும் வாஷிங் 1,000-மும் முழுசாக வந்திருந்தது. யார்டுக்குள்ளேயே ஷெட்டில் தங்கியிருந்த வாட்ச்மேனுக்கும் கன்வேயன்ஸ் 2,000! அவர் படுக்கையிலிருந்து கேட் வரை போக்குவரத்து.

இந்த ஸ்லிப்புகளையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்து பி.எஃப். அலுவலகத்தின் புகார்த் தளமான EPFiGMS-இல் புகார் போட்டேன். மாதங்கள் ஓடின. பிறகு கம்பெனி எவ்வளவு பாக்கி என்று முடிவு செய்யும், பி.எஃப். சட்டத்தின் 7-ஏ பிரிவு விசாரணை ஆரம்பித்தது. அதிகாரி முதலில் கேட்டது சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, லாப நஷ்டக் கணக்கு. ஸ்பெஷல் அலவன்ஸ் கூடுதல் உழைப்புக்கான ஊக்கத்தொகை என்றார் கம்பெனி வக்கீல். பதிவேட்டில் கிளார்க்குகள் அத்தனை பேருக்கும் மாதா மாதம் அதே 6,000. எந்த மாதம் எத்தனை கன்டெய்னர் கையாண்டால் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. வீட்டு வாடகைப்படியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்து உத்தரவு வந்தது. தாமதத்துக்கு வருஷம் 12 சதவீத வட்டி தனி. அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பின்னால் வரும் சம்பளத்தில் பிடிக்கவும் பி.எஃப். திட்டத்தின் 32-ஆம் பத்தி இடம் தராது. கம்பெனி இப்போது தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போயிருக்கிறது. பழைய பி.எஃப். சட்டப்படி அதற்குத் தொகையில் 75 சதவீதம் கட்டியாக வேண்டியிருந்தது, தீர்ப்பாயம் குறைத்தாலொழிய.

எல்லோருக்கும் இது பலிக்காது. கட்டாயப் பிடித்தத்தின் உச்சவரம்பு 15,000. உங்கள் பேஸிக்கே 15,000-ஐத் தாண்டி, கம்பெனி அந்த வரம்புக்குப் போடுகிறது என்றால் அலவன்ஸைச் சேர்த்தாலும் சட்டப்படி எதுவும் கூடாது. உண்மையான ஓவர்டைமும் சேராது. வாடகைப்படிதான் பெரிய ஓட்டை. தீர்ப்பு வந்ததிலிருந்து பல இடங்களில் ஸ்பெஷல் அலவன்ஸை அப்படியே அதற்குள் தள்ளுகிறார்கள்.

2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அதற்கும் ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். வாடகைப்படி, கன்வேயன்ஸ் என்று வெளியே வைப்பதெல்லாம் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளத்தோடு சேரும். 18,000-க்கு 9,000 என்றாவது கணக்கு நிற்கும். கிராஜுவிட்டிக்கும் அதே அர்த்தம்தான். இது அமலுக்கு வந்த பிறகு விட்டிருந்தால் எனக்கு 20,192-க்குப் பதில் குறைந்தது 36,346 வந்திருக்கும். நான் 2023-லேயே விட்டுவிட்டேன்.

போன வாரம் அங்கேயே இருக்கும் ஒரு நண்பர் தன் புது ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்பெஷல் அலவன்ஸ் வரி காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் பெர்ஃபாமன்ஸ் இன்சென்டிவ் 6,000. யாருக்கெல்லாம் என்று கேட்டேன். எல்லோருக்கும் அதே 6,000-தானாம், வாட்ச்மேனுக்கும்.