முழு அட்டவணையா, பட்டையா? இரு வேகத்தில் பாடிய ஒரே தேவாரம்

திருகோணமலையில் ஓதுவார் ஒருவர் 60 வினாடியில் பாடிய தேவாரத்தை அவரிடம் படிக்கும் பிள்ளை 75 வினாடியில் பாடுகிறாள். சுரம் எங்கே விலகுகிறது என்று காண, இரண்டு ஒலிப்பதிவுகளின் சுருதி வரிசைகளையும் பொருத்த வேண்டியிருந்தது. ஒன்றைச் சீராக இழுத்து நீட்டினால் போதாது. பிள்ளை சில அசைகளில் நிற்கிறாள், சிலவற்றை ஓடிக் கடக்கிறாள். எனவே ஒரு வரிசையை இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் நீட்டியும் சுருக்கியும் மற்றதோடு பொருத்தும் டைனமிக் டைம் வார்ப்பிங்தான் வழி.

```
D(i,j) = d(i,j) + min( D(i-1,j), D(i,j-1), D(i-1,j-1) )
```

இங்கே i ஓதுவாரின் வரிசையில் ஓர் இடம், j பிள்ளையின் வரிசையில் ஓர் இடம். d என்பது அந்த இரண்டு சுருதிகளின் வித்தியாசத்தின் அளவு, D என்பது அதுவரை சேர்ந்த மிகக் குறைந்த மொத்தத் தூரம். சுருதிகளை மடக்கை அளவில் எடுத்து, அவரவர் ஆதார சுருதியை இரண்டிலிருந்தும் முதலில் கழித்துவிட வேண்டும். அட்டவணையை நிரப்பி, கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் பொருத்தப் பாதை கிடைக்கும்.

முழு அட்டவணையையும் நிரப்பலாம். அல்லது பேச்சறிதல் ஆய்வாளர்கள் சகோயேவும் சிபாவும் 1978 கட்டுரையில் சொன்னபடி, மூலைவிட்டத்தை ஒட்டிய ஒரு பட்டைக்குள் மட்டும் நிரப்பலாம். நான் பட்டையைத்தான் எடுத்தேன். நினைவக மிச்சம் வெளிப்படை: வினாடிக்கு 100 மதிப்பென்றால் 6000 × 7500, அதாவது 4.5 கோடி கட்டங்கள். இருபுறமும் 3 வினாடிப் பட்டை வைத்தால் சுமார் 36 லட்சம்தான்.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது பட்டையின் அகலம். 1,5,1,1,1 என்பதையும் 1,1,1,5,1 என்பதையும் பாருங்கள். முழு அட்டவணையில் இரண்டுக்கும் தூரம் 0. முதல் வரிசையின் தொடக்க 1, மற்றதன் முதல் மூன்று 1களோடும் சேர்ந்துவிடுகிறது. பிறகு 5 ஐந்தோடு பொருந்துகிறது. பட்டை அகலம் இருபுறமும் 2 என்றாலும் 0தான். அகலம் 1 என்று வைத்தால் 5கள் சந்திக்கவே முடியாது, தூரம் 8 ஆகிவிடும். ஆக, எவ்வளவு தாமதத்தைப் பொறுக்கலாம் என்ற முடிவை அகலத்தில் நாமே எழுதுகிறோம். முழு அட்டவணை எந்தத் தாமதத்தையும் மன்னித்துவிடும். பிள்ளை தவறிய சுரத்தைக்கூட, நீண்ட கிடைக்கோடாகவோ செங்குத்துக்கோடாகவோ பாதையை இழுத்து மறைத்துவிடும்.

சரி, அகலம் எவ்வளவு? பாதையை வரைந்து பாருங்கள். அது பட்டையின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு ஓடினால் பட்டை குறுகல், கொஞ்சம் கூட்டுங்கள். இன்னொன்று: நீளம் வேறானால் பட்டை சாய்வாக இருக்கவேண்டும், i-க்கு எதிரே 1.25i. சாய்க்காமல் |i−j| ≤ 300 என்று வைத்தால், முடிவில் 1500 வித்தியாசம் இருப்பதால் கடைசிக் கட்டமே பட்டைக்கு வெளியே போய், தூரம் முடிவிலியாகிவிடும்.

இது பாட்டுக்கு மட்டும் நான் பார்த்தது. வேறு தரவுக்கு 3 வினாடி பொருந்துமென்று சொல்லமாட்டேன். முழு அட்டவணைக்கும் ஒரு இடம் உண்டு: சில நூறு மதிப்புகளே உள்ள சிறு வரிசைகளில், தாமதம் எவ்வளவென்றே தெரியாதபோது முதலில் அதை ஓட்டிப் பார்த்து, பாதை மூலைவிட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, பிறகு பட்டையை வைக்கலாம். பிள்ளை ஒரு வரியை இருமுறை பாடிவிட்டால் மட்டும் இரண்டுமே கைகொடுக்காது. அந்த இடத்தில் பதிவை வெட்டிவிட்டே பொருத்துகிறேன்.