எம்சிபியா, கெர்னலா? ஜிபிஎஸ் காலர் தரவோடு பல ஆண்டுப் புழக்கம்

காலர் மாட்டிய விலங்குகளின் ஹோம் ரேஞ்சை, அதாவது வழக்கமான நடமாட்டப் பரப்பை, ஹெக்டேரில் கணக்கிட்டுச் சொல்வது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. R மொழியின் adehabitatHR தொகுப்பில் எம்சிபிக்கான mcp, கெர்னலுக்கான kernelUD இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகியிருக்கிறேன். "எம்சிபி பழசு, கெர்னல்தான் சரி" என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

எம்சிபியில் சொல்ல அதிகம் இல்லை. வெளி ஓரத்துப் புள்ளிகளைக் குழிவு இல்லாமல் இணைத்தால் வரும் பலகோணம், அவ்வளவுதான். ஒரே தரவை யார் ஓட்டினாலும் ஒரே விடை வரும் என்பது அதன் பெரிய நல்ல குணம். ஆனால் தாறுமாறான ஒரே ஒரு புள்ளி போதும், கணக்கு கெட்டுவிடும். நாலு கிலோமீட்டர் நீளப் பலகோணத்துக்குப் பக்கவாட்டில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தவறான பதிவு விழுந்தால், சுமார் 1,000 ஹெக்டேர் முக்கோணம் ஒன்று சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதையை வரைந்து பாருங்கள். அடுத்தடுத்த பதிவுகளில் விலங்கு ஈட்டி மாதிரி வெளியே போய் உடனே திரும்பியிருந்தால், பெரும்பாலும் அது செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காத பதிவுதான்.

கெர்னலின் சிக்கல் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு மேடாகப் பரப்பி, எல்லாவற்றையும் கூட்டி, 95% நிகழ்தகவு அடங்கும் மிகச் சிறிய பரப்பை எடுக்கிறோம். மேடு எவ்வளவு அகலம் என்பதை பேண்ட்விட்த், அதாவது h, முடிவு செய்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் href என்ற இயல்புநிலை h வேலை செய்யும். அதன் சூத்திரம் h = σ × n^(-1/6). இதில் σ மொத்தப் புள்ளிகளின் சிதறல், n புள்ளிகளின் எண்ணிக்கை.

ஒரு கற்பனை விலங்கை எடுத்துக்கொள்வோம். பகலில் படுக்க ஓர் இடம், இரவில் மேய மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடம். ஒவ்வோர் இடத்திலும் 200 மீட்டர் திட்ட விலக்கத்தோடு சுற்றுகிறது. இடையில் நிற்பதே இல்லை என்று வைப்போம். மொத்தம் 1,000 பதிவுகள், பாதிப் பாதி. உண்மையான 95% பரப்பு இரண்டு வட்டங்கள், சேர்த்து சுமார் 150 ஹெக்டேர். 95% எம்சிபி நடுவிலுள்ள வெற்றிடத்தையும் விழுங்கி ஏறத்தாழ 400 காட்டும். சரி, கெர்னல்? இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரமே σ-வை 1,079 மீட்டராக ஏற்றிவிடுகிறது. அதனால் h 341 மீட்டர். விலங்கு சுற்றும் 200 மீட்டரைவிட நாம் போடும் மங்கலே அதிகம்! விடை 587 ஹெக்டேர். படம் இரண்டு தனி வட்டங்களாக அழகாகத்தான் இருக்கும். பரப்போ எம்சிபியைவிட மோசம்.

இதைவிட என்னை உறுத்தியது அடுத்த விஷயம். அதே விலங்கு, அதே காலம், காலரை மட்டும் மணிக்கு ஒன்றிலிருந்து கால் மணிக்கு ஒன்றாக மாற்றுங்கள். n நாலு மடங்கு ஆகிறது, h 271-க்கு இறங்குகிறது, பரப்பு சுமார் 427 ஹெக்டேர். விலங்கு எதையும் மாற்றவில்லை. கால் மணி இடைவெளியில் எடுத்த பதிவுகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும், புதுத் தகவல் சொற்பம். சூத்திரமோ ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணுகிறது. ஆக, வேறு வேறு இடைவெளியில் ஓடிய இரண்டு காலர்களின் கெர்னல் பரப்பை அப்படியே ஒப்பிடும் அட்டவணையை நான் நம்புவதில்லை.

அதனால் எந்தப் பரப்பையும் சொல்வதற்கு முன் h என்னவென்று பார்த்துவிடுவேன்:

```r
ud <- kernelUD(pts[, "id"], h = "href", grid = 200)
ud[[1]]@h$h
```

pts மீட்டரில், அதாவது யூடிஎம்-இல் இருக்க வேண்டும். வந்த எண்ணை ஒரு மையத்துக்குள் விலங்கு சுற்றும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். அதற்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் பரப்பு ஊதியிருக்கிறது. நம் கற்பனை விலங்குக்கு h = 100 என்று நாமே கொடுத்தால் 188 ஹெக்டேர் வரும், உண்மைக்கு எவ்வளவோ பக்கம். h-ஐத் தரவிலிருந்தே தேடி எடுக்கும் LSCV என்ற வழியையும் பரிந்துரைப்பார்கள். ஆனால் ஒரே இடத்தில் பதிவுகள் குவியும் ஜிபிஎஸ் தரவில் அது அடிக்கடி முடிவுக்கு வராமல் நின்றுவிடும், அல்லது பதிவுகளைச் சுற்றிக் குட்டிக் குட்டித் தீவுகளாக வரைந்து தரும்.

இப்போது நெருக்கமான பதிவுகளுக்கு ctmm தொகுப்பின் ஏகேடிஇ என்ற கெர்னல் வகைக்குத்தான் போகிறேன். பதிவுகள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்று முதலில் மாதிரி பொருத்தி, பயனுள்ள எண்ணிக்கையைக் கொண்டு h-ஐ முடிவு செய்யும். ஓட நேரம் பிடிக்கும். பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும் எம்சிபியையும் பக்கத்தில் கொடுப்பேன். அவற்றில் பலவற்றில் இருப்பது அது ஒன்றுதான். நேர இடைவெளி கூடக்கூட விலங்கு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று காட்டும் வேரியோகிராமை ஏகேடிஇ-க்கு முன் பார்ப்பது கட்டாயம். கோடு ஏறிக்கொண்டே போய்ச் சமமாகாவிட்டால், காலர் ஓடிய காலத்தில் விலங்கு ஓரிடத்தில் நிலைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது எந்த முறையிலும் ஹோம் ரேஞ்ச் என்று ஓர் எண்ணைத் தர மாட்டேன்.